ஏய்ப்பு, தவிர்ப்பு, திட்டமிடல்: மொரீஷியஸ் வழியே போன வரிப் பணம்

2026 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் டைகர் குளோபல் வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்க முதலீட்டுக் குழுமமான டைகர் குளோபலுக்குச் சொந்தமான மொரீஷியஸ் நிறுவனங்கள், ஃபிளிப்கார்ட் பங்குகளை வால்மார்ட் குழுமத்துக்கு விற்று லாபம் ஈட்டின. அந்த லாபத்துக்கு இந்தியாவில் வரி விதிக்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம். இத்தகைய தீர்ப்பு வரும்போதெல்லாம் பெருமுதலாளித்துவ வட்டாரங்களில் ஒரே ஓலம் எழுவது வழக்கம். அந்நிய முதலீட்டாளரின் நம்பிக்கை குலைந்துவிடும் என்பார்கள். சட்டம் அனுமதித்த வரித் திட்டமிடலைக் குற்றமாக்குவது நியாயமா என்று கேட்பார்கள். மாதச் சம்பளக்காரர் சேமநிதியில் பணம் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளவில்லையா, அதைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று வாதாடுவார்கள்.

இந்தக் கடைசி வாதத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. சேமநிதிப் புத்தகம் வைத்திருக்கும் ஆசிரியையின் முந்தானைக்குப் பின்னால் நிதி மூலதனம் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது. வரி ஏய்ப்பு, வரி தவிர்ப்பு, வரித் திட்டமிடல் ஆகிய மூன்று சொற்களும் நாளேடுகளில் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படுகின்றன. இந்தக் குழப்பத்தால் ஆதாயம் அடைவோர் யார் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியையும் வீட்டு வாடகையும்

தில்லியில் பள்ளி ஆசிரியை ஒருவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு உட்படும் அவருடைய வருமானம் ரூ.9 லட்சம். அவர் பொது சேமநலநிதிக் கணக்கில் ரூ.1.5 லட்சம் செலுத்துகிறார். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80சி பிரிவு இந்தத் தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தது. அவருடைய வருமானத்தின் மேல்பகுதிக்கு 20 சதவீத வரி என்பதால் ரூ.30,000 மிச்சமாகிறது. அதன் மீதான 4 சதவீத மேல்வரியையும் சேர்த்தால் ரூ.31,200.

இது வரித் திட்டமிடல். நாடாளுமன்றம் குடும்பங்களின் நீண்டகாலச் சேமிப்பை ஊக்குவிக்க விரும்பியது. அதற்கென ஒரு சலுகையை எழுதி வைத்தது. ஆசிரியையும் உண்மையிலேயே சேமித்தார். 15 ஆண்டு முதிர்வு கொண்ட கணக்கில் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கிறது. நினைத்தபோதெல்லாம் எடுத்துச் செலவிட அவரால் முடியாது. சட்டம் எதை எதிர்பார்த்ததோ அது நடந்தது, அதற்கு விலையாகச் சட்டம் கொடுக்க முன்வந்த சலுகையை அவர் பெற்றார். இதில் மறைத்ததும் இல்லை, நடித்ததும் இல்லை.

அதே ஆசிரியை தந்தைக்குச் சொந்தமான வீட்டில் வசிக்கிறார் என்போம். மாதம் ரூ.15,000 வாடகையைத் தந்தையின் வங்கிக் கணக்கில் செலுத்துகிறார். தந்தை அதைத் தன் வருமானமாகக் கணக்கில் காட்டுகிறார். வீட்டு வாடகைப் படிக்கான வரி விலக்கை ஆசிரியை கோரினால் அதுவும் திட்டமிடலே. பெற்றோருக்கு வாடகை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பைசாவும் கொடுக்காமல், மார்ச் மாதத்தில் பன்னிரண்டு ரசீதுகளை மட்டும் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் அது வரி ஏய்ப்பு. இரண்டு நேர்வுகளிலும் ரசீது ஒன்றுபோலவே இருக்கும். முதல் ரசீதுக்குப் பின்னால் பணம் கைமாறியது. இரண்டாவது ரசீதுக்குப் பின்னால் எதுவுமே நடக்கவில்லை. ஏய்ப்பின் இலக்கணம் இதுதான்: நடந்ததை மறைப்பது, அல்லது நடக்காததை நடந்ததாகப் பொய் எழுதுவது.

பெரிய அளவில் இதைத் தில்லியின் வீட்டுமனைச் சந்தையில் காணலாம். ரூ.2 கோடிக்குப் பேசி முடித்த அடுக்குமாடி வீடு, அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பைச் சற்றே தாண்டி ரூ.1.2 கோடிக்குப் பத்திரமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ரூ.80 லட்சம் ரொக்கமாகப் பையில் வருகிறது. விற்றவர் அந்த ரூ.80 லட்சத்துக்கு மூலதன ஆதாய வரி கட்டுவதில்லை. வாங்கியவர் அதற்கான முத்திரைத் தீர்வையைக் கட்டுவதில்லை. அந்த ரொக்கம் ஏற்கெனவே எங்கோ கணக்கில் வராத பணமாக இருந்திருக்கும். இனி வேறொரு கையில் கணக்கில் வராத பணமாகச் சுழலும். பொய்யான விவரம் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், மறைத்த வரியைப் போல இருமடங்கு அபராதம் விதிக்க 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 270ஏ பிரிவு இடமளித்தது. வேண்டுமென்றே ஏய்த்த தொகை ரூ.25 லட்சத்தைத் தாண்டினால் ஏழாண்டு வரை சிறை என்றும் அச்சட்டம் கூறியது. பிடிபடுவதும் தண்டனை பெறுவதும் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. இது குற்றம் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

தோட்டக்காரரின் கூலியும் மதுபான ஆலையின் கணக்கும்

சிக்கல் இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வரி தவிர்ப்பில்தான் தொடங்குகிறது. இங்கே எதுவும் மறைக்கப்படுவதில்லை. எல்லாப் பத்திரங்களும் பதிவாகியிருக்கும். எல்லாக் கையெழுத்துகளும் உண்மையானவை. ஆனால் அந்தப் பத்திரங்கள் சொல்லும் கதைக்கும் நடைமுறையில் நடப்பதற்கும் தொடர்பிருக்காது. வரி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பத்திரங்களை எவரும் எழுதியிருக்கவே மாட்டார்கள்.

இதற்குப் பழம்பெரும் எடுத்துக்காட்டு பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு. தோட்டக்காரருக்குக் கொடுக்கும் கூலியை அவர் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தின் மூலம் ஆண்டுதோறும் வழங்கும் தொகையை மேல்வரிக் கணக்கில் கழிக்கலாம். ஆகவே தோட்டக்காரரின் கடந்தகாலச் சேவையைப் பாராட்டி இவ்வளவு தொகை வழங்குவதாகப் பிரபு பத்திரம் எழுதிக் கொடுத்தார். தோட்டக்காரர் முன்போலவே தோட்டத்தில் வேலை செய்தார். முன்போலவே வாரந்தோறும் பணம் பெற்றார். மாறியது பெயர் மட்டுமே. 1935இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை இதைச் செல்லும் என்றது. ஒவ்வொரு மனிதனும் தன் வரி குறையும்படி காரியங்களை அமைத்துக்கொள்ள உரிமை உண்டு என்ற கோட்பாடு அன்றிலிருந்து உலகெங்கும் செல்வந்தர்களின் கேடயமாயிற்று. கூலி கொடுப்பவருக்கு இந்த உரிமை கிடைத்தது. கூலி பெற்ற தோட்டக்காரருக்கு அது எந்த வகையிலும் பயன்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கோட்பாட்டுக்கு எதிராக வலுவான குரல் எழுந்தது 1985 ஏப்ரலில், மெக்டவல் வழக்கில். மதுபானத்துக்கான கலால் தீர்வையை உற்பத்தி நிறுவனத்துக்குப் பதிலாக வாங்குபவர்களே நேரடியாக அரசுக்குச் செலுத்தும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. இதனால் நிறுவனத்தின் விற்றுமுதல் குறைவாகத் தெரிந்தது. விற்பனை வரியும் குறைந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ஏற்கவில்லை. தீர்வை உற்பத்தியாளரின் கடமை, அதை யார் கையால் செலுத்தினாலும் அது விற்றுமுதலின் பகுதியே என்றது. சட்டத்துக்கு உட்பட்ட திட்டமிடல் நியாயமானது, ஆனால் வேடம் பூண்ட தந்திரங்கள் திட்டமிடல் ஆகாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியே எழுதிய தீர்ப்பில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சிலர் தவிர்க்கும் வரியின் சுமை மற்றவர்கள் தலையில் விழுகிறது, ஆகவே வெஸ்ட்மின்ஸ்டர் கோட்பாட்டை நீதிமன்றம் கைவிட வேண்டும் என்றார்.

ஒரே விற்பனை, மூன்று வழிகள்

இனி மொரீஷியஸுக்கு வருவோம். இந்தியாவும் மொரீஷியஸும் 1982 ஆகஸ்டில் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி கட்ட நேரும் இடரைப் போக்குவதே இத்தகைய ஒப்பந்தங்களின் நோக்கம். இந்த ஒப்பந்தத்தின்படி மொரீஷியஸில் வசிப்பவர் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டும் லாபத்துக்கு வரி விதிக்கும் உரிமை அன்று மொரீஷியஸுக்கு மட்டுமே இருந்தது. மொரீஷியஸோ மூலதன ஆதாயத்துக்கு வரியே விதிப்பதில்லை. பத்தாண்டுகள் இந்த ஓட்டையைப் பெரிதாக எவரும் பயன்படுத்தவில்லை. 1992இல் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக வந்தன. தாராளமயப் பாதையில் இந்தியா தன் பங்குச் சந்தையை அந்நிய நிறுவன முதலீட்டாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் மொரீஷியஸ் வெளிநாட்டு நிறுவனங்களைத் தன் மண்ணில் பதிவு செய்வதற்கென்றே சட்டம் இயற்றியது. ஓட்டை வாசலாயிற்று.

ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் இந்திய நிறுவனமொன்றின் பங்குகளை ரூ.100 கோடிக்கு வாங்கி, சில ஆண்டுகள் கழித்து ரூ.300 கோடிக்கு விற்கிறது என்போம். லாபம் ரூ.200 கோடி. எளிமைக்காக வரி 20 சதவீதம் என்று கொண்டால், நேரடியாக முதலீடு செய்திருந்தால் இந்தியக் கருவூலத்துக்கு ரூ.40 கோடி வந்திருக்கும்.

முதல் வழியில், விற்ற விலை ரூ.150 கோடிதான் என்று ஒப்பந்தத்தில் எழுதி, மீதியை வெளிநாட்டில் ரகசியக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். அது ஏய்ப்பு. இரண்டாவது வழியில், குறுகிய காலத்தில் விற்றால் கூடுதல் வரி, நீண்டகாலம் வைத்திருந்து விற்றால் குறைந்த வரி என்று சட்டம் சொல்லுமானால், அந்தக் காலம் கழியும்வரை பொறுத்திருந்து விற்கலாம். அது திட்டமிடல். முதலீடு நிலைத்து நிற்க வேண்டும் என்று சட்டம் விரும்பியது. முதலீட்டாளர் உண்மையிலேயே பங்குகளை வைத்திருந்தார், இடையில் விலை வீழும் அபாயத்தையும் ஏற்றார்.

மூன்றாவது வழி, போர்ட் லூயியில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்வது. அதற்கு ஒரு முகவரி வேண்டும். உள்ளூரில் வசிக்கும் இரண்டு இயக்குநர்களும் ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். இவற்றையெல்லாம் கட்டணம் பெற்று ஏற்பாடு செய்து தரும் நிர்வாக நிறுவனங்கள் அங்கேயே உள்ளன. அமெரிக்காவிலிருந்து பணம் அந்த நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து இந்தியாவுக்கு வரும். லாபம் அதே வழியில் திரும்பும். எதை வாங்குவது, எப்போது விற்பது என்ற முடிவுகளெல்லாம் அமெரிக்காவிலேயே எடுக்கப்படும். மொரீஷியஸ் அரசு இந்த நிறுவனத்துக்கு வசிப்பிடச் சான்றிதழ் ஒன்றை வழங்கும். அந்த ஒரே தாள் ரூ.40 கோடியைப் பூஜ்யமாக்கிவிடும். இந்தியாவிலும் வரியில்லை, மொரீஷியஸிலும் வரியில்லை. இரட்டை வரியைத் தவிர்க்க எழுதிய ஒப்பந்தம் இரு பக்கமும் வரியே இல்லாத நிலையை உண்டாக்கியது.

இதுதான் தவிர்ப்பு. ஆசிரியையின் சேமநிதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இப்போது தெளிவாகச் சொல்லலாம். சட்டம் விரும்பிய செயலை ஆசிரியை செய்தார். மொரீஷியஸ் நிறுவனத்தில் முதலீட்டு முடிவு எடுக்கும் எவரும் இல்லை. அது வசிப்பவர்போல் நடித்தது. ஆகவே எந்த நேர்வானாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்டால் போதும். ஏதேனும் மறைக்கப்பட்டதா? ஆம் என்றால் ஏய்ப்பு. மறைக்கப்படவில்லை எனில், வரி என்ற ஒன்றே இல்லாதிருந்தால் இந்த ஏற்பாட்டை எவரேனும் செய்திருப்பார்களா? செய்திருக்க மாட்டார்கள் எனில், இந்தச் சலுகையை எந்தச் செயலுக்காகச் சட்டம் கொடுத்ததோ அந்தச் செயல் உண்மையில் நடந்ததா? நடந்தது என்றால் திட்டமிடல். நடக்கவில்லை என்றால் தவிர்ப்பு.

ஒரு சுற்றறிக்கையின் கதை

இந்தக் கேள்விகளை வருமானவரி அதிகாரிகள் கேட்காமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பையில் சில அதிகாரிகள் மொரீஷியஸ் வழியாக வந்த அந்நிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பினார்கள். இவை வெறும் காகித நிறுவனங்கள், உண்மையான முதலாளிகள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள், எனவே ஒப்பந்தச் சலுகை இவற்றுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் நிலை. பங்குச் சந்தை அதிர்ந்தது. வாஜ்பாய் அரசு அதிகாரிகளின் பக்கம் நிற்கவில்லை. நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா முதலீட்டாளருக்கு ஆறுதல் கூறினார். ஏப்ரல் 13 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 789ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. மொரீஷியஸ் அரசு தரும் வசிப்பிடச் சான்றிதழே போதிய சாட்சியம் என்றது அந்தச் சுற்றறிக்கை. திரைக்குப் பின்னால் யார் என்று கேட்கும் வேலை அதிகாரிகளிடமிருந்து பறிக்கப்பட்டது.

இதை எதிர்த்து ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் என்ற அமைப்பும், ஓய்வுபெற்ற வருமானவரி அதிகாரி ஒருவரும் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். 2002 மே 31 அன்று உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அதிகாரி விசாரித்து முடிவெடுக்கச் சட்டம் கொடுத்த கடமையை ஒரு சுற்றறிக்கை முடக்க முடியாது என்றது. அரசு மேல்முறையீட்டுக்கு ஓடியது. வரி வசூலிக்க வேண்டிய அரசு, வரி வசூலிக்கத் தன்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று உச்ச நீதிமன்றப் படியேறிய விந்தையை அன்று நாடு கண்டது. 2003 அக்டோபர் 7 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மெக்டவல் வழக்கில் சின்னப்ப ரெட்டி கூறியது பெரும்பான்மைக் கருத்து அல்ல என்று ஒதுக்கியது. மூன்றாவது நாட்டுக்காரர் ஒப்பந்தத்தைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்துவது சட்டவிரோதமல்ல, வளரும் நாடுகள் அந்நிய மூலதனத்தை ஈர்க்க இதைச் சகித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது.

இங்கே நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 2000 ஏப்ரலுக்கு முன்பும் பின்பும் போர்ட் லூயி நிறுவனங்கள் ஒன்றே. முகவரியும் இயக்குநர்களும் ஒன்றே. முன்பு அதிகாரி கேள்வி கேட்கத்தக்க தவிர்ப்பாக இருந்தது, ஒரு சுற்றறிக்கைக்குப் பின் கேள்வி கேட்கக் கூடாத திட்டமிடல் ஆகிவிட்டது. நாடாளுமன்றம் இதற்கு வாக்களிக்கவில்லை. வரி ஒப்பந்தங்களை அரசே செய்துகொள்கிறது. மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆகவே தவிர்ப்புக்கும் திட்டமிடலுக்கும் இடையிலான கோட்டை யார் எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பது அரசியல் கேள்வி. அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மொரீஷியஸிலிருந்து வந்ததாகவே அரசின் கணக்குகள் காட்டின. சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் ஒரு தீவு இத்தனை மூலதனத்தை எங்கிருந்து உற்பத்தி செய்தது என்று ஆட்சியில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

தடுக்கில் பாய்ந்தால் கோலத்தில்

பின்னர் தடுப்புகள் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு தயங்கித் தயங்கி வந்தது என்பதே ஆளும் வர்க்கத்தின் மனநிலையைக் காட்டும். பொதுவான வரி தவிர்ப்புத் தடுப்பு விதிகள் 2012இல் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில் சட்டமாயின. ஓர் ஏற்பாட்டின் முதன்மை நோக்கம் வரிச் சலுகையாக இருந்து, அதற்கு வணிகச் சாரமும் இல்லையென்றால், அதை அதிகாரி புறந்தள்ளலாம் என்பது இதன் மையம். கூக்குரல் எழுந்ததும் அமலாக்கம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. பிறகு ப.சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது 2016க்குத் தள்ளினார். அருண் ஜேட்லி 2017க்குத் தள்ளினார். கொடியின் நிறம் மாறியது. தள்ளிப்போடும் கை மாறவில்லை. இந்த விதிகள் சாதாரண மக்களைத் துன்புறுத்தும் என்ற வாதத்துக்கும் இடமில்லை. வரி ஆதாயம் ரூ.3 கோடியைத் தாண்டாத ஏற்பாடுகளை இவை தொடுவதேயில்லை.

மொரீஷியஸ் ஒப்பந்தம் 2016 மே மாதம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ வாங்கும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்றாயிற்று. அதற்கு முன் வாங்கியவற்றுக்குப் பழைய சலுகை தொடரும். இடையில் இரண்டு ஆண்டுகளுக்குப் பாதி வரி. அந்தப் பாதி வரியைப் பெற, வரியைக் குறைப்பதே நிறுவனத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது, முந்தைய 12 மாதங்களில் மொரீஷியஸில் ரூ.27 லட்சத்துக்குக் குறையாமல் செலவு செய்திருக்கவும் வேண்டும். இந்தச் செலவு நிபந்தனையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் எடுத்துக்காட்டே போதும். ரூ.40 கோடியில் பாதியான ரூ.20 கோடி மிச்சமாகும் என்றால், ரூ.27 லட்சம் செலவழித்து அலுவலகம் ஒன்றை அலங்கரிக்க எந்த முதலாளி தயங்குவார்? தடுக்கில் புகுந்தால் கோலத்தில் புகும் சாமர்த்தியம் மூலதனத்துக்கு உண்டு. தொகையைக் கொண்டு அளக்கும் தடுப்புகளை அது தொகை கொடுத்தே தாண்டிவிடும். நோக்கத்தையும் நடைமுறையையும் ஆராயும் விதிதான் அதைத் தடுத்து நிறுத்தும்.

டைகர் குளோபலின் கையெழுத்து

டைகர் குளோபல் வழக்கு இதை நன்றாக விளக்குகிறது. அதன் மொரீஷியஸ் நிறுவனங்கள் சிங்கப்பூரில் பதிவான ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் பங்குகளை 2011க்கும் 2015க்கும் இடையே வாங்கின. அந்தச் சிங்கப்பூர் நிறுவனத்தின் மதிப்பு பெருமளவில் இந்தியாவில் நடக்கும் வணிகத்திலிருந்தே வந்தது. 2018இல் வால்மார்ட் குழுமத்தின் லக்சம்பர்க் நிறுவனத்துக்கு அவற்றை விற்றன. அமெரிக்கக் குழுமம், மொரீஷியஸ் நிறுவனம், சிங்கப்பூர் பங்கு, லக்சம்பர்க் கொள்முதலாளர் என்று காகிதம் உலகைச் சுற்றியது. பெங்களூருவிலும் தில்லியிலும் பொட்டலம் சுமந்த தொழிலாளியின் உழைப்பு இந்தியாவை விட்டு எங்கும் போகவில்லை.

பங்குகளை 2017க்கு முன்பே வாங்கிவிட்டோம், வசிப்பிடச் சான்றிதழும் கையில் இருக்கிறது, ஆகவே வரி இல்லை என்பது நிறுவனங்களின் வாதம். தில்லியிலுள்ள முன்தீர்வு ஆணையம் 2020 மார்ச்சில் இதை ஏற்க மறுத்தது. அதன் கண்ணில் பட்ட விவரங்களில் ஒன்று, வங்கிக் காசோலையில் யார் கையெழுத்திடுவது என்பது. 2.5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளுக்கு அமெரிக்காவில் இருந்த குழுமத் தலைமையின் கையெழுத்து தேவைப்பட்டது. இயக்குநர் கூட்டம் போர்ட் லூயியில் நடந்தாலும் பணப்பெட்டியின் சாவி அமெரிக்காவில் இருந்தது. 2024 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சான்றிதழ் மட்டும் போதாது, ஏற்பாட்டின் சாரத்தைப் பார்க்கலாம், இந்த ஏற்பாடு வரி தவிர்ப்புக்கானது என்று முடிவு கூறியது. சின்னப்ப ரெட்டி 1985இல் சுட்டிய திசைக்குத் திரும்ப நாற்பதாண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

முதலீட்டாளருக்கு நிச்சயத்தன்மை வேண்டும் என்ற வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. வரி எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவருக்கும் நியாயமே. ஆனால் நிச்சயத்தன்மை என்பதற்கு, இந்தியாவில் விளைந்த லாபத்துக்கு இந்தியாவில் வரி உண்டு என்ற நிச்சயம் என்று ஏன் பொருள் கொள்ளக் கூடாது? அது எல்லாவற்றிலும் எளிய, ஐயத்துக்கு இடமில்லாத விதி. வரி உண்டு என்றால் ஓடிவிடும் மூலதனம், சந்தை சரிந்தால் இன்னும் வேகமாக ஓடும். அதைப் பிடித்துவைக்க வரியைத் தாரை வார்ப்பதால் நாட்டில் ஒரு தொழிற்சாலையும் எழுந்துவிடாது.

சம்பளக்காரரின் வரியோ ஊதியம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்தம் செய்யப்படுகிறது. அவருக்குப் போர்ட் லூயியில் முகவரி இல்லை. வருமானவரி வரம்புக்குள் வராத கட்டடத் தொழிலாளியும் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் ஜிஎஸ்டி செலுத்துகிறார். அதைத் தவிர்க்க எந்த ஒப்பந்தமும் அவருக்காக எழுதப்படவில்லை. மேலே தவிர்க்கப்படும் ஒவ்வொரு கோடியும் கீழே மறைமுக வரியாகவோ, மூடப்படும் மருத்துவமனைப் படுக்கையாகவோ, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடமாகவோ இறங்குகிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. வரி ஒப்பந்தங்களும் அவற்றின் திருத்தங்களும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். வசிப்பிடச் சான்றிதழைக் கண்ணை மூடி ஏற்கும்படி அதிகாரிகளுக்குக் கட்டளையிடும் சுற்றறிக்கைகள் இனி எந்த வடிவிலும் வரக் கூடாது. இந்தியாவில் முதலீடு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பின்னால் உள்ள உண்மையான உடைமையாளர் யார் என்ற பதிவேடு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். டைகர் குளோபல் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யும் புதிய விதியோ, விளக்கமோ, சட்டத் திருத்தமோ கொண்டுவர முயன்றால் அதை நாடாளுமன்றத்திலும் வீதியிலும் எதிர்க்க வேண்டும். 2000இல் ஒரு சுற்றறிக்கை ஏப்ரல் மாதத்தின் ஒரே நாளில் வந்து போயிற்று. அதன் விலையை நாடு பல்லாண்டு காலம் கொடுத்தது. மீண்டும் ஒன்று வராதபடி பார்த்துக்கொள்வது தொழிற்சங்கங்களின், ஜனநாயக இயக்கங்களின் பொறுப்பு.